நாள்காட்டி நேரமும் ஐந்து வயதும்: கிழமைக்குப் பொருந்தும் பழக்கம் மாதத்துக்குப் பொருந்துமா?

முதல் வகுப்பில் வருகைப் பதிவு முடிந்ததும் ஆசிரியர் நாள்காட்டிப் பலகையருகே சென்று, “இன்று என்ன கிழமை? நேற்று என்ன கிழமை? இது என்ன மாதம்?” என்று கேட்பார். பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். ஒரு குழந்தை எழுந்து வந்து அட்டையை மாற்றும். தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் கேள்விக்கு உட்படாத பழக்கம் இது. இதே பழக்கம் கிழமைக்கு நல்ல கருவி, மாதத்துக்கோ ஏறக்குறைய உதவாத கருவி என்பது இக்கட்டுரையின் வாதம். கிழமை விஷயத்திலும், இன்று நடக்கும் முறையில் பிள்ளைகள் கற்பது ஒரு பாட்டின் அடிகளையே. காலத்தின் அமைப்பை அல்ல.

பெயர்களை வரிசையாகச் சொல்வதும் அந்த வரிசைக்குள் இடமறிந்து நடமாடுவதும் வெவ்வேறு திறன்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஃபிரீட்மன் 1970களிலிருந்து இத்துறையில் ஆய்வு செய்தவர். கிழமைகளையும் மாதங்களையும் பிள்ளைகள் முதலில் சொற்கோவையாகவே மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்றும், முன்னோக்கிய கேள்விகளுக்கு அக்கோவையை ஓட்டிப் பார்த்து விடை காண்கிறார்கள் என்றும், பின்னோக்கி எண்ண வேண்டிய கேள்விகளைச் சரளமாகக் கையாள்வது வளரிளம் பருவம் வரை தள்ளிப்போகிறது என்றும் அவருடைய 1986ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. இதை வகுப்பிலேயே கண்டுகொள்ளலாம். “வியாழனுக்கு அடுத்தது என்ன?” என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் கேளுங்கள். உதடுகள் ‘ஞாயிறு, திங்கள், செவ்வாய்’ என்று தொடங்கி ஓடிவந்து ‘வெள்ளி’யில் நிற்கும். விடை சரிதான். ஆனால் “வியாழனுக்கு முந்தினது?” என்றால் அதே குழந்தை மறுபடியும் ‘வெள்ளி’ என்று சொல்லும், இல்லையேல் விழிக்கும். பாட்டுக்குப் பின்னோக்கிய பாதை கிடையாது.

‘நேற்று’, ‘நாளை’ என்பவற்றிலும் இப்படி ஒரு படிநிலை உண்டு. காத்தரின் டில்மனும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, ‘நேற்று’ என்றால் நடந்து முடிந்தது என்று குழந்தைகள் முன்னதாகவே அறிகிறார்கள். அது இன்றிலிருந்து எவ்வளவு தொலைவு என்பது ஆண்டுகள் கழித்தே தெளிகிறது. போன பொங்கலுக்குப் போன ஊரைக் குழந்தை ‘நேத்து போனோம்’ என்றால், அது கடந்ததைக் கடந்ததாகச் சரியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. தூரம்தான் இன்னும் பிடிபடவில்லை.

இனி, பலகை என்ன செய்கிறது என்று பார்ப்போம். திங்கட்கிழமை காலையை எடுத்துக்கொள்வோம். பலகையில் கடைசியாக மாட்டிய அட்டை வெள்ளி. ஆசிரியர் அதை எடுத்துவிட்டுத் திங்களை மாட்டி, “நேற்று என்ன கிழமை?” என்று கேட்கிறார். குழந்தை ‘வெள்ளி’ என்கிறது. தவறு என்று திருத்தப்படுகிறது. உண்மையில் கண்முன் நடந்ததை வைத்துக் குழந்தை சரியாகவே ஊகித்திருக்கிறது: முன்பிருந்த அட்டை வெள்ளி, இப்போதையது திங்கள். பள்ளி இல்லாத இரண்டு நாள்களைப் பலகை விழுங்கிவிட்டது. திங்கள்தோறும் இதே பிழை வருகிறதென்றால் அதைப் பிள்ளைகளின் மறதி என்று தள்ளிவிட முடியாது.

இதற்கான மாற்றம் சிறியது. ஒற்றை அட்டைக்குப் பதில் ஏழு அட்டைகளையும் ஒரு கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு, ‘இன்று’ என்பதற்கு ஒரு துணிக் கவ்வியை மாட்டலாம். திங்கள் காலையில் கவ்வி வெள்ளியில் நிற்கும். அதை ஒரே தாவலில் நகர்த்தாமல், “சனிக்கிழமை யார் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டுவிட்டுச் சனிக்கு, “ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன சமையல்?” என்று கேட்டுவிட்டு ஞாயிறுக்கு, அதன்பின் திங்களுக்கு என்று மூன்று படியாக நகர்த்த வேண்டும். ‘நேற்று’ இப்போது வெறும் சொல்லாக இல்லாமல் கவ்விக்கு முந்திய இடமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. கயிறு தீர்ந்ததும் கவ்வி மறுபடி முதல் அட்டைக்குப் போவதைப் பார்க்கும்போது, வாரம் திரும்பி வருவது என்பதும் பிடிபடத் தொடங்கும். அச்சிட்ட மாத நாள்காட்டியை இந்த வயதில் முன்னிறுத்தாததற்கும் காரணம் உண்டு. அதில் வரிசை வலது ஓரத்தில் அறுந்து அடுத்த வரியின் இடது ஓரத்தில் தொடர்கிறது. இன்றைய கட்டத்துக்கு நேர்கீழே இருப்பதோ ஒரு வாரம் தள்ளிய நாள். படிக்கவே பழகாத கண்ணுக்கு இரண்டும் குழப்பம்.

இடம் தெரிந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கிழமைக்கும் ஓர் அடையாளம் வேண்டும். அரசுப் பள்ளிகளில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் கிழமைவாரியான உணவுப் பட்டியலோடு வந்தது. தொடக்கப் பட்டியலில் புதன் பொங்கலுக்குரிய நாள். ‘பொங்கல் போட்ட நாளுக்கு மறுநாள்’ என்று குழந்தை சொல்லுமானால், அது பாட்டை முதலிலிருந்து ஓட்டாமல் வரிசையின் நடுவிலிருந்தே நடக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அட்டையின் கீழ் அன்றைய உணவின் படத்தை ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. பட்டியல் மாறினால் படத்தையும் மாற்றிவிட வேண்டும். பழைய படம் இல்லாத படத்தைவிட மோசம்.

மாதத்துக்கு வருவோம். பள்ளி ஆண்டின் வேலைநாள்களைத் தோராயமாக 200 என்று கொண்டால், ஒவ்வொரு வேலைக் கிழமையையும் குழந்தை சுமார் 40 தடவை சந்திக்கிறது. மாதம் மாறும் தருணமோ ஜூன் முதல் ஏப்ரல் வரை 10 தடவைதான். மே மாதம் பலகையில் ஏறுவதே இல்லை. வாரச் சுற்று 40 முறை நிறைவடையும் காலத்தில் மாதச் சுற்று ஒருமுறைகூட நிறைவடைவதில்லை. எந்தச் சுற்றையும் முழுதாகக் காணாத குழந்தைக்கு அது சுற்று என்று எப்படிப் புரியும்? “இது என்ன மாதம்?” என்ற கேள்விக்கு 20 நாள் தொடர்ந்து ஒரே பதில் என்பதால் அதில் யோசிக்கவும் ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு வீட்டுத் தினசரிக் காலண்டரில் ஆடி, மார்கழி என்று இன்னொரு வரிசை ஓடுகிறது; அது ஆங்கில மாதத்தின் நடுவில் பிறக்கிறது. இரண்டையும் ஒரே பலகையில் ஏற்றும் ஆர்வம் நல்லெண்ணமே. ஐந்து வயதில் அது வேண்டாம் என்பது என் கருத்து.

அமெரிக்காவில் பெனக்கி, ஆஸ்ட்ரோஸ்கி, காட்ஸ் மூவரும் 2008இல் எழுதிய கட்டுரை, வழக்கமான நாள்காட்டி நேரம் நல்லெண்ணத்தில் தொடங்கித் திசைமாறிய ஒன்று என்றே விமர்சித்தது. அவ்விமர்சனத்தின் பெரும்பகுதியை ஏற்கிறேன். பழக்கத்தையே கைவிடலாம் என்று அதை நீட்டிப்பவர்களோடு உடன்படவில்லை. கைவிட வேண்டியது மாதத்தைத் தினமும் ஒப்பிக்கும் பகுதியை. அதற்குப் பதிலாக, மாதம் பிறக்கும் நாளில் மட்டும் ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, அம்மாதம் முடியும்போது பிள்ளைகள் சொல்லும் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை அதில் வரையலாம்: முதல் மழை, யாருக்கோ பிறந்தநாள், பள்ளிக்கு வெள்ளையடித்தது. ஏப்ரலில் 11 தாள்கள் வரிசையாக நிற்கும். “வெள்ளையடித்தது மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று அப்போது கேட்கலாம், மாதப் பெயர் தெரியாத குழந்தையும் சுவரைப் பார்த்துப் பதில் சொல்லும்.

இம்முறை பலிக்கிறதா என்று அறிய, கூட்டாகச் சொல்லும் பதிலை நம்பக் கூடாது. நான்கு பேர் சொன்னால் நாற்பது பேர் சொன்னதுபோல் கேட்கும். வாரத்துக்கு ஐந்து பிள்ளைகளைத் தனித்தனியே கயிற்றருகே அழைத்து, கவ்வியைச் செவ்வாயிலோ வியாழனிலோ மாட்டி, ‘இது இன்று என்றால் நேற்று எது?’ என்று கேட்டால் போதும். விரல் இடப்பக்க அட்டைக்கு நேரே போனால் கற்றல் நடந்திருக்கிறது. உதடு ‘ஞாயிறு’ என்று தொடங்கினால், அந்தக் குழந்தைக்கு இன்னும் சில வாரங்கள் கவ்வியை நகர்த்தும் வேலையைக் கொடுக்க வேண்டும்.