வயரிங் சான்றிதழிலிருந்து சோலார் கூரைக்கு

வீட்டு மின்னிணைப்பில் என்.வி.கியூ. மட்டம் 3 அல்லது 4 சான்றிதழ் பெற்ற மாவடிப்பள்ளி இளைஞர் ஒருவருக்கு, சோலார் வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். இன்வேர்ட்டரிலிருந்து மெயின் சுவிட்ச் வரையுள்ள பகுதி அவர் படித்த 230 வோல்ற் வேலைதான். புதிதாகக் கற்க வேண்டியது கூரையிலிருந்து இன்வேர்ட்டர் வரை வரும் டி.சி. பக்கம். உயிராபத்தும் அங்கேதான் அதிகம். மெயின் சுவிட்சை அணைத்தால் இன்வேர்ட்டர் நிற்கும். ஆனால் வெயில் இருக்கும்வரை தகட்டுக் கேபிளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

ஓர் உதாரணம். 550 வாற் தகடுகள் பத்தைத் தொடராக இணைத்திருக்கிறோம். ஒவ்வொன்றின் பின்புற ஸ்டிக்கரிலும் திறந்த சுற்று வோல்ற்றளவு 50 என்று இருக்கிறது. மொத்தம் 500 வோல்ற் வர வேண்டும். நண்பகலில் மீற்றரை வைத்தால் 450தான் காட்டுகிறது. ஒரு தகடு விடுபட்டுவிட்டதோ என்று புதியவர் எல்லா இணைப்பையும் கழற்றத் தொடங்குவார்.

உண்மையில் பிழை எதுவும் இல்லை. ஸ்டிக்கரில் உள்ளது 25 பாகை வெப்பத்துக்கான கணக்கு. நமது கரையோர வெயிலில் தகடு 60 பாகையைத் தொடும்போது வோல்ற்றளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். ஆகவே தொடரில் இணைக்காத ஒரு தகட்டை அதே வெயிலில் அளந்து பத்தால் பெருக்குங்கள். அது 45 காட்டினால் 450 சரி. 405 வந்தால் ஒரு தகடு விடுபட்டிருக்கிறது. 360 வந்தால் ஒன்று தலைகீழாக இணைந்திருக்கிறது. அது தன் 45ஐத் தராததோடு இன்னொன்றின் 45ஐயும் தின்றுவிடும். கையால் நசுக்கிப் பொருத்திய எம்.சி.4 கொனெக்டரில் முனை மாறும்போது இது நடக்கும். மீற்றர் கழித்தல் குறி காட்டினால் முழுத் தொடரும் மாறியிருக்கிறது. இன்வேர்ட்டரில் செருக வேண்டாம்.

கழற்றுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஏ.சி. பிரேக்கர், பிறகு டி.சி. ஐசொலேற்றர், அதன்பின் டி.சி. அளக்கும் கிளாம்ப் மீற்றரில் மின்னோட்டம் பூச்சியமா என்று பார்த்துவிட்டே எம்.சி.4. ஓட்டம் இருக்கும்போது இழுத்தால் தீப்பொறி ஏ.சி.யில் போல உடனே அணையாது. கொனெக்டரை உருக்கிக்கொண்டே எரியும். வெவ்வேறு கம்பனிகளின் கொனெக்டர்களை ஒன்றோடொன்று செருகுவதும் அப்படித்தான்: அன்று வேலை செய்யும், பிறகு சூடேறிக் கருகும்.

பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அந்தப் பாடநெறி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? முடிவில் கிடைப்பது என்.வி.கியூ. சான்றிதழா, வெறும் பங்கேற்புச் சான்றிதழா? அருகிலுள்ள சம்மாந்துறை தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையங்களிலும் முதலில் விசாரிக்கலாம். ஏற்கெனவே கூரையில் வேலை செய்து பழகியவர்கள் முன்கற்றலை அங்கீகரிக்கும் மதிப்பீட்டு வழியையும் கேட்டுப் பார்க்கலாம். செய்த வேலைகளின் படங்களையும் அளவீட்டுக் குறிப்புகளையும் சேர்த்து வைத்திருந்தால் அங்கே உதவும்.