பம்பாயில் ஒரு வெள்ளிப் பெட்டி

கேரி தீவில் செம்பனைத் தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் உருமி மேளம்தான். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். பொறியியல் படிக்கும்போது ஒரு நண்பன் சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினான். பம்பாய்த் திரையிசையில் கிதார் வாசித்தவர் அவர். 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். பூபாலி, மால்கௌன்ஸ் என்று பெயர்கள் வரும். நம்ம மோகனம், இந்தோளம்தான். ஆனால் அடியில் ஓடும் பேஸ் என்னைப் பிடித்து உட்கார வைத்தது.

அந்த பேஸ் வந்தது ரோலண்ட் டிபி-303 என்ற வெள்ளி நிறப் பெட்டியிலிருந்து. பேஸ் கிதார்காரர் இல்லாத இடத்தில் துணைக்கு வாசிக்கச் செய்தது. உள்ளே ஒரே ஒரு ஆசிலேட்டர். அது ரம்பப்பல் அலை அல்லது சதுர அலை தரும். 110 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரம் வைத்தால், ரம்பப்பல் அலையில் 220, 330, 440 என்று எல்லா மடங்குகளும் மேலே அடுக்கி நிற்கும். சதுர அலையில் 330, 550 என ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே. அதனால்தான் அது கொஞ்சம் பொந்து விழுந்த மாதிரி கேட்கும்.

அடுத்தது ஃபில்டர். கட்ஆஃபை 500இல் வைத்தால் அதற்கு மேலுள்ள மடங்குகள் மங்கிவிடும். ரெசொனன்ஸைக் கூட்டினால் கட்ஆஃபை ஒட்டியுள்ளவை மட்டும் துருத்திக்கொண்டு கத்தும். "ஊ" என்று தொடங்கி மெல்ல "ஈ" என்று வாயை மாற்றிப் பாருங்கள், கட்ஆஃப் மேலே போவது அப்படித்தான் இருக்கும்.

மூன்றாவது என்வலப். ஒவ்வொரு ஸ்வரமும் தொடங்கும்போது அது ஃபில்டரைச் சட்டென்று திறந்து, பிறகு மூடவிடுகிறது. மூட எவ்வளவு நேரம் என்பதை டிகே குமிழ் முடிவு செய்யும். சீக்கிரம் மூடினால் உருமித் தட்டு மாதிரி நறுக்கென்று, மெதுவாக மூடினால் இழுவையாக.

மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒலி பிரகாசமாகிறது, ஆனால் காரணம் என்வலப்பா, குமிழைத் திருகும் கையா? ஒவ்வொரு ஸ்வரத்திலும் அதே "டொய்ங்" திரும்பி வந்தால் என்வலப். பல ஸ்வரங்களைத் தாண்டி மெல்ல ஏறினால் கை. ஸ்லைடு போட்ட ஸ்வரத்தில் சுருதி வழுக்கிச் செல்லும், புதிய "டொய்ங்" வராது. கமகத்துக்கு அது கிட்டத்தட்ட சொந்தக்காரன். ஆனால் வழுக்க எடுக்கும் நேரம் பெட்டிக்குள்ளேயே நிலையாக இருக்கும். அதனால் ராகத்துக்கு ஏற்ப நிதானிக்கவோ, நடுவில் அசையவோ அதற்குத் தெரியாது.

தட்டு அப்போது பெரிதாக விற்கவில்லை. 1987இல் சிகாகோவின் ஃப்யூச்சர் குழு அதே பெட்டியின் குமிழ்களைத் திருகி ஆசிட் ஹவுஸ் இசையைத் தொடங்கியது. 2010இல் தட்டு மறுபடி வெளிவந்ததும், சிங்தான் அதைக் கண்டுபிடித்தவர் என்றார்கள் சிலர். சிகாகோக்காரர்கள் அவரைக் கேட்டதற்குச் சான்றில்லை. ஒரே பெட்டி இரண்டு ஊரில் இரண்டு பேருக்கு ஒரே கதவைத் திறந்தது, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமான ஆச்சரியம்.