பத்து நிமிடத்தில் ஓர் ஆய்வு: புலமைப்பரிசில் தேர்வுக்குழுவின் முன் முன்மொழிவை அடுக்கும் விதம்

வெளிநாட்டுக் கலாநிதிப் பட்டத்துக்கான புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பித்துக் குறும்பட்டியலுக்குள் வந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். ‘உங்கள் ஆய்வு முன்மொழிவை 10 நிமிடத்துக்குள் முன்வைக்கவும், அதைத் தொடர்ந்து கேள்விகள் இருக்கும்’ என்று அதில் இருக்கும். சில இடங்களில் 5 நிமிடந்தான் கிடைக்கும். சில குழுக்கள் பவர்பொயிண்டே வேண்டாம், வாயால் சொல்லுங்கள் என்று கேட்கும். நேரம் எதுவாக இருந்தாலும் விண்ணப்பதாரிகள் பெரும்பாலும் செய்வது ஒன்றையே. பன்னிரண்டு பக்க முன்மொழிவை அதே ஒழுங்கில் சுருக்கி, அறிமுகம், இலக்கிய மீளாய்வு, இடைவெளி, நோக்கங்கள், முறையியல் என்று ஸ்லைட்டுகளாக அடுக்குகிறார்கள்.

அந்த ஒழுங்கு வாசிப்பவருக்கு ஏற்றது, ஏனெனில் அவர் விரும்பிய பக்கத்துக்குப் போகலாம். கேட்பவர் பேச்சாளரின் வேகத்திலேயே வரவேண்டும். ஆறாவது நிமிடம் வரை பின்னணி ஓடினால், இவர் எதைக் கண்டுபிடிக்கப் போகிறார் என்பது தெரியாமலே குழு காத்திருக்கும். பிறகு முறையியலுக்கு இரண்டு நிமிடம் எஞ்சும். தலைவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். பேச்சாளர் வேகத்தைக் கூட்டுவார். குழு பணம் கொடுக்கலாமா என்று தீர்மானிக்க வேண்டிய பகுதி அந்த அவசரத்துக்குள் போய்விடும்.

குழுவில் உங்கள் துறைக்காரர் ஒருவர் இருக்கலாம். மற்றவர்கள் வேறு துறைப் பேராசிரியர்களாகவோ, நிதி தரும் நிறுவனத்தின் ஆட்களாகவோ இருப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக உள்ள ஐயம் இதுதான்: இந்தக் கேள்விக்கு, இந்த ஆள், அந்த ஆய்வுகூடத்தில், மூன்று வருடத்துக்குள் விடை காண முடியுமா? பேச்சை இந்த ஐயத்திலிருந்து பின்னோக்கிக் கட்டினால் எதை வைப்பது, எதை எடுப்பது என்பது தானாகத் தெளிவாகும். ஓர் உதாரண முன்மொழிவை எடுத்துச் செய்து பார்ப்போம்.

தலைப்பும் கேள்வியும்

விண்ணப்பதாரி யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓர் இரசாயனப் பட்டதாரி என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு: ‘வலிகாமத்தின் நிலத்தடி நீரில் நைத்திரேற்று மாசு’. நல்ல விடயம். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது, குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் மழைநீரே. அந்த நீரில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம், முக்கியமாகப் போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்காக.

ஆனால் மேலே உள்ளது தலைப்பு மட்டுமே, அதில் கேள்வி இல்லை. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வேறு துறை நண்பர் ஒருவரிடம் பேசிக் காட்டிவிட்டு, ‘நான் எதைக் கண்டுபிடிக்கப் போகிறேன்? ஒரு வரியில் எழுது’ என்று கேளுங்கள். ‘யாழ்ப்பாணத் தண்ணீர் மாசு பற்றி’ என்று அவர் எழுதினால் உங்கள் பேச்சில் கேள்வி இல்லை, அல்லது பிந்தி வந்திருக்கிறது.

கேள்வி இப்படி இருக்கலாம்: ‘வலிகாமத்துக் கிணறுகளில் உள்ள நைத்திரேற்றில் பெரும்பங்கு தோட்டத்துக்கு இடும் யூரியா போன்ற செயற்கைப் பசளையிலிருந்து வருகிறதா, அல்லது மலசலகூடக் குழி, மாட்டெரு போன்ற கழிவிலிருந்து வருகிறதா?’ இதற்கு விடை கிடைத்தால் யார் என்ன செய்வார்கள் என்பதையும் ஒரு வசனத்தில் சொல்லிவிடலாம். பசளை என்றால் விவசாயத் திணைக்களத்தின் அறிவுரை மாறவேண்டும். கழிவு என்றால் குழி கட்டும் முறையும் கிணற்றுக்கான தூரமும் மாறவேண்டும். இந்த இரண்டும் முதல் நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும்.

10 நிமிடத்தைப் பங்கிடுதல்

10 நிமிடத்துக்கு 9 நிமிடப் பேச்சையே தயாரியுங்கள். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 சொல், ஆகவே எழுதிப் பார்க்கும்போது 1,100 சொல்லைத் தாண்டினால் வெட்ட வேண்டும். வேகமாகப் பேசிச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள், நேர்முகத்தேர்வில் பதற்றத்தால் வேகம் ஏற்கெனவே கூடிவிடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எங்கள் உதாரணத்தில் முதல் நிமிடம் கேள்விக்கு. அடுத்த ஒன்றரை நிமிடம் பின்னணிக்கு: சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் இருப்பதால் நிலத்தின் மேல் இட்டது விரைவில் நீரைத் தொடுகிறது, இதுவரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் எவ்வளவு என்று அளந்திருக்கின்றன, எங்கிருந்து என்பதற்கு இன்னும் உறுதியான விடை வேண்டும். இவ்வளவு போதும். பதினைந்து ஆய்வாளர்களின் பெயரும் ஆண்டும் நிறைந்த ஸ்லைட்டை எடுத்துவிடலாம். அது எழுத்து முன்மொழிவில் இருக்கிறது.

மூன்றரை நிமிடம், அதாவது மிகப் பெரிய பங்கு, முறையியலுக்கு. இங்கே கருவிகளின் பட்டியலை வாசிப்பது வீண். கேள்விக்கும் அளவீட்டுக்கும் உள்ள தொடர்பைத்தான் சொல்ல வேண்டும். நைதரசனுக்குப் பாரம் குறைந்த, கூடிய என்று இரண்டு நிலையான சமதானிகள் உண்டு. செயற்கைப் பசளை காற்றிலுள்ள நைதரசனிலிருந்து செய்யப்படுவதால் அதன் சமதானி விகிதம் காற்றினதுக்குக் கிட்டியது. கழிவிலிருந்து அமோனியா ஆவியாகும்போது பாரம் குறைந்த சமதானி முந்திப் போகிறது, ஆகவே எஞ்சுவதில் பாரமானதின் பங்கு கூடுகிறது. இந்த வேறுபாட்டைக் கிணற்று நைத்திரேற்றில் அளந்தால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கலாம். இந்த நான்கு வசனங்களும் பொருளியல் பேராசிரியருக்கும் விளங்கும், துறைக்காரருக்கும் குறை தெரியாது.

அடுத்து, எத்தனை கிணறு, எப்போது. 30 கிணறுகள், மூன்று வகை: வீடுகள் நெருங்கித் தோட்டம் இல்லாத இடம், தோட்டம் நடுவே வீடு குறைந்த இடம், இரண்டும் கலந்த இடம். ஒவ்வொன்றிலும் மாரியில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை, மொத்தம் 60 மாதிரிகள். எண்ணைச் சொன்னதும் குழுவின் முகம் மாறுவதைக் காணலாம். ‘போதிய அளவு மாதிரிகள்’ என்று சொல்பவரைவிட 60 என்று சொல்பவர் வேலையை மனதில் செய்து பார்த்தவர்.

பலவீனத்தை நீங்களே சொல்லுதல்

முறையியலின் கடைசி அரை நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். பலர் இதைச் செய்யத் தயங்குகிறார்கள். எங்கள் உதாரணத்தில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: மாட்டெருவும் மனிதக் கழிவும் நைதரசன் சமதானியில் ஒன்றின்மேல் ஒன்று விழும். துறைக்காரர் இதைக் கேட்டே தீருவார். இன்னொன்று, மண்ணுக்குள் பற்றீரியா நைத்திரேற்றை வாயுவாக்கி விட்டாலும் எஞ்சுவதில் பாரமான சமதானி கூடும், பசளையும் கழிவுபோலத் தோன்றும். இரண்டாவதற்கு விடை இருக்கிறது: நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனின் சமதானியையும் சேர்த்து அளந்தால் இரண்டும் ஒன்றாக ஏறுவதைக் கொண்டு அந்த மாற்றத்தை இனங்காணலாம். முதலாவதற்கு அவ்வளவு சுத்தமான விடை இல்லை.

சவர்க்காரத் தூளிலிருந்து வரும் போரனைக் கொண்டு வீட்டுக் கழிவைப் பிரிக்கலாம் என்று சில ஆய்வுகள் செய்ததுண்டு. ஆனால் எங்கள் ஊரில் உடுப்புத் தோய்க்கும் தண்ணீர் வாழையடிக்குப் போகிறது, மலசலகூடக் குழிக்குள் போவதில்லை. வேறு நாட்டு முறையை அப்படியே எடுத்துச் சொல்பவர் இந்தக் கேள்வியில் தடுமாறுவார். ஆகவேதான் மேலே கேள்வியை எழுதும்போது ‘செயற்கைப் பசளையா, கழிவா’ என்று மட்டும் வைத்தோம். ‘கழிவுக்குள் மாட்டினதையும் மனிதரதையும் பிரிப்பது இந்த ஆய்வின் எல்லைக்குள் இல்லை. கிணறுகளைத் தெரிவு செய்யும்போது மாடு வளர்க்கும் வீடுகளைத் தனியாகக் குறித்துக்கொள்கிறேன்’ என்று சொன்னால், கேள்வி வருமுன்னே விடை போய்விடும். குழுவுக்கும் இவர் தன் கருவியின் எல்லை தெரிந்தவர் என்று விளங்கும்.

காலஅட்டவணை

ஒன்றரை நிமிடம். இது சடங்கு ஸ்லைட் என்று நினைத்து, வருடம் 1, வருடம் 2 என்று நிறப்பட்டிகளை ஒட்டுபவர்கள் அதிகம். நடைமுறையில் முன்மொழிவு உடையும் இடம் இதுதான். பிரித்தானியப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர் செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபரிலோ தொடங்குவார். வடகீழ்ப் பருவமழை பெரும்பாலும் ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில். முதல் மாரி வரும்போது அவர் அங்கே பதிவு செய்துகொண்டிருப்பார். ஆகவே முதல் வருடத்தில் பகுப்பாய்வு முறையைப் பழகுவது, அடுத்த ஓகஸ்டில் கோடை மாதிரி, அதே வருடம் நவம்பரில் மாரி மாதிரி, மூன்றாம் வருடம் எழுத்து என்றுதான் அமையும். ஒரு மாரி தவறினால் அடுத்ததற்கு வருடம் முழுவதும் காத்திருக்க வேண்டும். அதற்காக ஊரில் மாதிரி எடுத்து, வடித்து, உறையவைத்துக் காக்கக்கூடிய ஆய்வுகூடம் ஒன்றின் சம்மதத்தை முன்கூட்டியே பெற்றிருந்தால், அதை இங்கே ஒரு வசனமாகச் சொல்லுங்கள். பெறவில்லையென்றால் நேர்முகத்தேர்வுக்கு முன் கேட்டுப் பாருங்கள்.

எஞ்சிய ஒன்றரை நிமிடத்தில், ஏன் அந்த ஆய்வுகூடம் என்பதற்கு ஒரு நிமிடம். தரவரிசை பற்றிப் பேசுவதைவிட, அங்கே சமதானி அளக்கும் திணிவு நிறமாலைமானி இருக்கிறது, மேற்பார்வையாளர் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் வேலை செய்தவர், அவருடன் கடிதத் தொடர்பு உண்டு என்பவையே எடுபடும். கடைசி அரை நிமிடத்தில் கேள்வியைத் திரும்பச் சொல்லி நிறுத்தலாம். ‘நன்றி, கேள்விகள் உண்டா’ என்று எழுதிய ஸ்லைட் வேண்டாம். கேள்வி நேரம் முழுவதும் திரையில் நிற்கப்போவது அந்தக் கடைசி ஸ்லைட்தான், அதில் கேள்வியும் 30 கிணறுகளின் வரைபடமும் இருக்கட்டும்.

இடையில் நிறுத்தினால்

தாமதமாக ஓடும் நாளில் தலைவர், ‘உங்களுக்கு ஐந்து நிமிடந்தான்’ என்று சொல்லலாம். மேலே உள்ள ஒழுங்கில் முதல் ஆறு நிமிடத்துக்குள் கேள்வியும் முறையும் முடிந்துவிடுவதால், பின்னணியை இரண்டு வசனமாக்கினால் சமாளிக்கலாம். எதை வெட்டுவது என்று அந்த இடத்தில் யோசிக்கக்கூடாது, ஒத்திகையின்போதே குறித்து வைத்திருக்க வேண்டும். ஸ்லைட் இல்லாத நேர்முகத்தேர்வுக்கும் இந்த ஐந்து நிமிட வடிவமே போதும்.

ஆறு ஸ்லைட்டுகளுக்கு மேல் காட்ட வேண்டியதில்லை. வெட்டி எடுத்த இலக்கியப் பட்டியல், செலவுக் கணக்கு, சமதானி வீச்சுகள் ஒன்றின்மேல் ஒன்று விழும் வரைபு ஆகியவற்றைக் கடைசி ஸ்லைட்டுக்குப் பின்னால் வையுங்கள். ‘மாட்டெருவை எப்படிப் பிரிப்பீர்கள்?’ என்று கேட்கும்போது ஒன்பதாவது ஸ்லைட்டைத் திறந்து காட்டலாம். எண்களைத் தாளில் எழுதி வைத்திருந்தால், உரிய எண்ணைத் தட்டி ‘என்டர்’ அழுத்தியதும் பவர்பொயிண்ட் நேரே அந்த ஸ்லைட்டுக்குப் போகும்.