ஒளியின் அமுக்கம்: கொள்கையும் சோதனையும்

மட்சுவெல் 1873இல் வெளியிட்ட மின்காந்தக் கொள்கையின்படி ஒளி தான் படும் பரப்பை அமுக்குதல் வேண்டும். வெற்றிடத்திற் செல்லும் அலையின் மின்மண்டல வீச்சம் காந்தமண்டல வீச்சத்தின் c மடங்காகும்; அதாவது E₀ = cB₀. செறிவு I = ½cε₀E₀² ஆகும். ஒளியை முற்றாக உறிஞ்சும் கரும்பரப்பில் அமுக்கம் I/c; முற்றாகத் தெறிக்கும் பரப்பில் அதன் இருமடங்கு.

பூமியை அடையும் சூரிய ஒளியின் செறிவு சதுரமீற்றருக்கு ஏறத்தாழ 1360 உவாற்று. அது ஆடியொன்றில் உண்டாக்கும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஆயிரங்கோடியில் ஒரு பங்கு மட்டுமே.

1870களில் குரூக்சு அமைத்த ஒளியாடி சுழன்றபோது, அதுவே ஒளியமுக்கத்தின் சான்றெனக் கருதப்பட்டது. ஆயின் சுழன்ற திசையை நாம் நோக்குதல் வேண்டும். கொள்கைப்படி, இருமடங்கு அமுக்கம் பெறும் வெண்முகமே ஒளியினின்றும் பின்வாங்கவேண்டும், பின்வாங்கியதோ கருமுகம். எஞ்சிய வாயு, சூடேறிய கருமுகத்தின்மீது நிகழ்த்திய விளைவே அச்சுழற்சி.

மொஸ்கோவில் இலெபதேவ் இவ்வாயு விளைவைக் குறைக்க, இருமுகங்களும் ஒரே வெப்பநிலையடையுமாறு மிக மெல்லிய உலோகத் தகடுகளையும் உயர் வெற்றிடத்தையும் பயன்படுத்தினார். 1901இல் அவர் வெளியிட்ட அளவீடுகள் கொள்கையுடன் இயைந்தன. ஆதலின் மட்சுவெலுக்குச் சான்றாக நாம் காட்டத்தக்கது குரூக்சின் சுழற்சியன்று, இலெபதேவின் அளவீடே.