பொன்னா, சாம்பலா, நடுநிலையா: எமது தலைமுடிக்கு மண்ணிறம் தெரிவு செய்வது எப்படி?

ஒஸ்லோவில் கடைத்தட்டுகளில் அடுக்கியிருக்கும் தலைமுடிச் சாயப் பெட்டிகளில் மண்ணிறம் ஒன்றல்ல. பெட்டியின் மேல் 'யில்லன்' என்றிருந்தால் பொன் கலந்த மண்ணிறம். 'அஸ்க' என்றிருந்தால் சாம்பல் கலந்தது. 'நட்டூர்' என்றிருந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட நடுநிலை. பெட்டியில் சிரிக்கும் பெண்ணின் முடியைப் பார்த்தே எம்மில் பெரும்பாலானோர் ஒன்றை எடுத்து வருகின்றோம். அந்தப் பெண்ணின் முடி பிறப்பிலேயே வெளிர்மண்ணிறமாக இருந்திருக்கலாம். எமது முடியோ கறுப்பு. வயது போனவர்களுக்குக் கறுப்பும் நரையும் கலந்தது. அதே சாயம் எமது தலையில் வேறு நிறமாகப் பிடிப்பதற்கு இதுவே காரணம்.

மண்ணிறங்களை மூன்று குடும்பங்களாகப் பிரிப்பார்கள். பொன், செம்பு, சிவப்புச் சாயல் உள்ளவை சூடான குடும்பம். நீலம், பச்சை, ஊதா சற்றே கலந்து சாம்பல் படிந்தது போலத் தோன்றுபவை குளிர்ந்த குடும்பம். எந்தப் பக்கமும் சாயாமல் சமநிலையில் இருப்பது நடுநிலை. இவற்றுள் எது எமக்குச் சரி என்பதைத் தோலின் நிறத்தைக் கொண்டு முடிவு செய்யுமாறு பல விளக்க அட்டைகள் சொல்கின்றன. மணிக்கட்டு நரம்பு பச்சையா, நீலமா என்று பார்க்கும் சோதனை எமது தோலில் தெளிவாகத் தெரிவதே அரிது. நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சாயத்துக்கு அடியில் என்ன இருக்கின்றது?

அடியில் இருக்கும் நிறம்

கறுப்பு முடி வெளிறும்போது நேராக மண்ணிறமாவதில்லை. முதலில் செம்மண்ணிறம், பிறகு சிவப்பு, பிறகு செம்மஞ்சள், கடைசியாகத்தான் மஞ்சள் என்று படிப்படியாக மாறும். நிரந்தரச் சாயத்துடன் வரும் பெரொக்சைட் களிம்பு முடியின் இயற்கை நிறத்தைச் சற்று வெளிறச் செய்தே தன் நிறத்தை உள்ளே வைக்கின்றது. ஆகவே எமது கறுப்பு முடியில் எந்தச் சாயத்தைப் பூசினாலும் உள்ளிருந்து ஒரு செம்மை தானாகவே மேலே வரும். அதன்மேல் பொன் சாயலைப் பூசினால் சூட்டோடு சூடு சேரும். பெட்டியில் தேன் போல இருந்த நிறம் தலையில் செம்மஞ்சளாகி நிற்கும்.

நீலம் செம்மஞ்சளைத் தணிக்கும், ஊதா மஞ்சளைத் தணிக்கும், பச்சை சிவப்பைத் தணிக்கும். சாம்பல் சாயம் செய்வது இந்த வேலையைத்தான். அது தனக்கென்று ஓர் அழகிய நிறத்தைத் தருவதைவிட, அடியில் இருக்கும் சூட்டை அணைப்பதே அதிகம்.

நரைமுடியின் கதை நேர்மாறானது. அதில் நிறம் இல்லை. அணைப்பதற்குச் சூடும் இல்லை. சாம்பல் சாயத்தைத் தனியே அதன்மேல் பூசினால் நீலமும் பச்சையும் அப்படியே தெரியும். முடி பாசி படிந்தது போலவோ ஈயம் போலவோ மங்கிப் போகும். பொன் சாயத்தைத் தனியே பூசினாலோ மினுமினுப்பான மஞ்சளாகி, நரையும் முழுதாக மறையாது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் சமமாகக் கலந்த நடுநிலைச் சாயமே நரையை முழுமையாக மூடும்.

சுருக்கமாகச் சொன்னால், நரைக்கு நடுநிலை; வெளிறச் செய்து செம்மஞ்சளான முடிக்குச் சாம்பல்; இவ்விரண்டோடும் அளவாகச் சேர்க்கும் சுவையூட்டி பொன்.

பெட்டியிலுள்ள எண்

படத்தைவிட எண்ணை நம்பலாம். புள்ளிக்கோ சாய்கோட்டுக்கோ முன்னால் இருக்கும் எண் கருமையின் அளவு: 1 கறுப்பு, 3 கடும் மண்ணிறம், 4 நடுத்தர மண்ணிறம், 5 வெளிர் மண்ணிறம். ஐரோப்பியக் கணக்கில் 6 என்பது மண்ணிறமே அல்ல, இருண்ட பொன்முடி. பின்னால் வரும் எண் சாயலைக் குறிக்கும். லோரியலிலும் வெல்லாவிலும் 0 நடுநிலை, 1 சாம்பல், 3 பொன். எனவே 5.3 என்றால் வெளிர் பொன்மண்ணிறம், 5.1 என்றால் வெளிர் சாம்பல் மண்ணிறம். ஆனால் எல்லா நிறுவனங்களும் இந்த எண்களையே பயன்படுத்துவதில்லை. ஸ்வார்ஸ்கோப்பின் இகோரா ரோயல் வரிசையில் பொன்னைக் குறிப்பது 5. லோரியலில் அதே 5 மகோகனிச் சிவப்பு. நிறுவனத்தை மாற்றினால் எண்ணின் பொருளையும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். மகளின் கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கின்றது. அவரது இயற்கை முடி 2ஆம் அளவுக் கறுப்பு. முன்நெற்றியிலும் கன்னப்பொறியிலும் பாதிக்கு மேல் நரை; பின்தலையில் அங்கொன்றும் இங்கொன்றும். இதுவரை சாயம் பூசியதில்லை. கறுத்த டை முகத்தைக் கடுமையாக்கும் என்பதால் மண்ணிறம் விரும்புகின்றார்.

அவர் 5.3 எடுத்தால், முன்னே நரைத்த முடி மஞ்சளாக ஒளிரும். பின்னே கறுப்பு முடி, வழமையான 6 வீதப் பெரொக்சைட்டில் ஓரிரு படி மட்டுமே வெளிறி, செம்மை ஓடிய கடும் மண்ணிறமாக நிற்கும். ஒரே தலையில் இரண்டு நிறம். 5.1 எடுத்தால், முன்பக்கம் ஈய நிறமாகும். பின்பக்கத்தில் மாற்றம் ஏறத்தாழத் தெரியாது. 4.0 எடுத்தால், நரை நடுத்தர மண்ணிறமாக மூடப்படும். பின்பக்கமும் சற்றே இளகி அதற்கு அண்மையில் வரும். இரண்டும் பொருந்தும்.

4.0 சிலருக்குச் சற்றுத் தட்டையாகத் தோன்றும். பட்டுச் சேலைக்கும் நகைக்கும் சிறிது பொன்னொளி வேண்டுமென்றால், அதே நிறுவனத்தின் அதே வரிசையில் 40 கிராம் 4.0 உடன் 20 கிராம் 4.3 கலக்கலாம். பெரொக்சைட் களிம்பை, குழாயில் எழுதியிருக்கும் விகிதப்படி, மொத்தம் 60 கிராமுக்குக் கணக்கிட வேண்டும். பாதிக்கு மேல் நரை இருந்தால் கலவையில் பாதியாவது நடுநிலையாக இருக்க வேண்டும் என்பது சிகை நிலையங்களின் பழைய விதி. தோல் நிறத்தையும் விருப்பத்தையும் பார்க்க வேண்டிய இடம் மிச்சமிருக்கும் அந்தப் பாதிதான்.

பூசும்போது நரை அடர்ந்த முன்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். நரைமுடி சாயத்தை மெதுவாகவே ஏற்கும் என்பதால் அதற்கு முழு நேரமும் கிடைக்க வேண்டும். பெட்டி சொல்லும் நேரத்துக்கு முன்பே கழுவினால் நிறம் சரியாகப் பிடிக்காமல், ஓரிரு கிழமையில் மஞ்சளாக வெளுக்கும்.

சாம்பல் மண்ணிறம் கேட்கும் பிள்ளைகள்

இங்கே பிறந்த எமது பிள்ளைகள் பலர் பள்ளித்தோழிகளைப் போல சாம்பல் மண்ணிறம் விரும்புகின்றார்கள். நரையில்லாத கறுப்பு முடியில் 5.1ஐ நேராகப் பூசினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. முதலில் வெளிறச் செய்ய வேண்டும். அப்போது செம்மஞ்சள் வெளிவரும். அதை நீல அடி கொண்ட சாம்பல் சாயத்தால் தணிக்க வேண்டும். இது ஃப்ரிசோரிடம் செய்ய வேண்டிய வேலை. ஏற்கெனவே கறுத்த டை பூசிய முடியென்றால் இன்னும் கடினம். ஒரு சாயம் இன்னொரு சாயத்தை வெளிறச் செய்யாது.

சாம்பல் நிறம் நிலைப்பதும் இல்லை. சில கிழமைகளில் நீலம் கழுவுண்டு, அடியிலுள்ள சூடு திரும்பி வரும். அப்போது பலர் கடையில் வாங்குவது ஊதா நிறமான 'சொல்வ்' ஷாம்பு. அது பொன்முடிக்காரருக்காகச் செய்யப்பட்டது. மஞ்சளைத் தணிக்கும், செம்மஞ்சளைத் தணிக்காது. மண்ணிற முடிக்கு வேண்டியது நீல ஷாம்பு.

பிழைத்தால் எப்படித் தெரியும்?

முழுத் தலைக்கும் பூசுமுன் கன்னப்பொறியின் நரையிலிருந்து ஒரு மெல்லிய கீற்றையும் பின்தலையின் கறுப்பிலிருந்து ஒன்றையும் எடுத்துப் பூசிப் பாருங்கள். கழுவி, நன்றாக உலர்ந்த பின்னரே பார்க்க வேண்டும். ஈர முடி கறுப்பாகத் தெரியும். பார்க்கும் வெளிச்சமும் முக்கியம். மார்கழியில் ஒஸ்லோவின் பகல் ஏறத்தாழ 6 மணித்தியாலம்தான். மிச்ச நேரமெல்லாம் வீட்டு மஞ்சள் விளக்கில் பார்க்கின்றோம். அந்த விளக்கில் சாம்பல் நிறம் நடுநிலையாகவும், நடுநிலை பொன்னாகவும் தோன்றும். நண்பகலில் யன்னல் அருகே பார்த்தால்தான் உண்மை தெரியும்.

முடி செம்மஞ்சளானால் அதைவிட வெளிர்ந்த நிறத்தைப் பூசாதீர்கள், செம்மஞ்சள் கூடும். அதே அளவு எண்ணில் சாம்பல் சாயலே மருந்து. முடி பச்சையாகவோ ஈயமாகவோ போனால், அதே அளவில் அமோனியா இல்லாத சூடான சாயலைச் சில நிமிடம் வைத்துக் கழுவினால் சூடு திரும்பும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளரும். அடுத்த முறை வளர்ந்த வேரில் மட்டும் பூசுங்கள். நுனிவரை மீண்டும் மீண்டும் பூசினால் நிறம் படிந்து கறுத்துவிடும்.

எந்தச் சாயலானாலும்

கடும் நிறச் சாயங்கள் பலவற்றில் பிபிடி அல்லது அதையொத்த பொருள்கள் உண்டு. சிலருக்கு இவை கடும் ஒவ்வாமையைத் தரும். 'கறுப்பு மருதோன்றி' என்று கையில் போடும் தற்காலிகக் கோலங்களில் பிபிடி அதிகமாகக் கலந்திருக்கலாம். ஊருக்குப் போன இடத்திலோ சுற்றுலாவிலோ அதைப் போட்டுக் கை கடித்திருந்தால், தலைச்சாயம் பூச வேண்டாம். மற்றவர்கள் பூசுவதற்கு 48 மணித்தியாலத்துக்கு முன் பெட்டியில் சொன்னபடி தோலில் சிறிது தடவிச் சோதிக்க வேண்டும். முன்பு பூசி ஒன்றும் ஆகாதவர்களுக்கும் ஒவ்வாமை பின்னர் வரலாம். பூசிய பின் கண்ணிமையோ முகமோ வீங்கினால் உடனே கழுவிவிட்டு 116117இல் அவசர மருத்துவரை அழையுங்கள். மூச்சுத் திணறினால் 113.

கலியாணம் போன்ற நாளுக்கென்றால் இரண்டு கிழமைக்கு முன் பூசுவது நல்லது. நிறம் பிழைத்தால் திருத்த நேரம் இருக்கும். நாள் வரும்போது சற்று அமைந்தும் இருக்கும். முந்திய நாள் வேரில் மெல்லிய வெள்ளைக்கோடு தெரிந்தால், வகிட்டிலும் நெற்றியோரத்திலும் மட்டும் தொட்டுவிட்டால் போதும்.