சிறுநீரகத் தமனி டாப்ளர்

இளவயதில் மூன்று மருந்துகளுக்கும் அடங்காத உயர் ரத்த அழுத்தம் இருந்தால், சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனி சுருங்கியிருக்கிறதா என்று பார்க்கச் செய்யப்படும் ஸ்கேன். ரத்தம் குறைவாக வந்தால் சிறுநீரகம் ரெனினைச் சுரந்து, உடல் முழுவதும் அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது.

குழாய் குறுகும் இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். இதயச் சுருக்கத்தின்போது உச்ச வேகம் நொடிக்கு 180 முதல் 200 செ.மீ.க்கு மேல் போனால் சுருக்கம் சந்தேகிக்கப்படும். அந்த வேகம் மகாதமனி வேகத்தைப் போல் 3.5 மடங்கைத் தாண்டுவது இன்னொரு அடையாளம்.

ஆனால் இளைஞர்களிடம் இந்த விகிதத்தை மட்டும் நம்பக்கூடாது. 26 வயதுப் பெண் ஒருவருக்கு மகாதமனியில் 110, வலத் தமனியின் தொடக்கத்தில் 100, நடுப்பகுதியில் 330 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 3தான், இயல்புபோல் தோன்றும். மகாதமனி வேகம் 100ஐத் தாண்டினாலே விகிதம் ஏமாற்றும். ஒரே தமனிக்குள் வேகம் மும்மடங்காவதுதான் இங்கே உண்மையான தடயம். இளம்பெண்களிடம் காணப்படும் நார்த்தசைச் சுவர்க்கோளாறு பெரும்பாலும் நடுப்பகுதியையும் அதற்கு அப்பாலும் தாக்குகிறது. தொடக்கத்தை மட்டும் அளந்து நிறுத்தினால் அது தப்பிவிடும். தொடக்கத்திலேயே சுருக்கம் இருந்தால் தகயாசு நோயையும் நினைக்க வேண்டும்.

ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம் 60 பாகைக்கு மேல் போனால் வேக அளவு நம்பத்தக்கதல்ல. குடல் வாயு மறைப்பதைக் குறைக்க வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். கூடுதல் தமனிகள் கண்ணுக்குப் படாமல் போவதும் உண்டு. அதனால் ஸ்கேன் இயல்பாக வந்தும் சந்தேகம் வலுவாக இருந்தால், சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கப்படுகிறது.