திருப்பி அனுப்பிய பொருளின் பணம் யார் கணக்குக்கு வரும்?

கற்பிட்டிப் பக்கம் ஆலங்குடாவில் தையல் வேலை செய்யும் ஒரு ராத்தா, தையல் மெஷின் மோட்டார் ஒன்றை இணையத்தில் 9,800 ரூபாவுக்கு வாங்கினார். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்த குடும்பம். தம்பி பிறகு மன்னாரில் மீளக்குடியேறிவிட்டார். ராத்தாவிடம் வங்கி அட்டை இல்லாததால், தம்பியின் அட்டையில்தான் பணம் கட்டப்பட்டது.

பொதி வந்தது. கால் மிதியைக் காணோம். என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டார்.

செயலியில் அந்த ஆர்டரைத் திறந்து, Return என்பதை அழுத்தி, "பாகம் குறைவு" என்ற காரணத்தைத் தெரிவு செய்தோம். பெட்டி, அதில் ஒட்டிய முகவரித் தாள், உள்ளே இருந்தவை எல்லாம் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து அனுப்பினோம். கோரிக்கை ஏற்கப்பட்டதும் பொதியைப் புத்தளம் நகரிலுள்ள கூரியர் நிலையத்தில் ஒப்படைத்தோம். அங்கே தரும் பற்றுச்சீட்டு முக்கியம். அதிலுள்ள இலக்கத்தை வைத்துத்தான், வந்த பொதியைப் பார்த்தது போலவே, திரும்பிப் போகும் பொதி விற்பனையாளரிடம் சேர்ந்ததா என்று பார்க்க முடியும். சேராமல் பணம் வராது.

சில நாட்களில் பணம் செலுத்தப்பட்டுவிட்டதாகச் செயலி காட்டியது. ராத்தாவின் கையில் ஒன்றும் இல்லை. இருக்கவும் முடியாது. அட்டையில் கட்டிய பணம் வந்த வழியே அதே அட்டைக்குத்தான் போகும். ஆர்டர் யார் பெயரில் இருந்தாலும் சரி. வெளிநாட்டு உறவினர் கட்டினால் அது அவருடைய வங்கிக்கே போய்ச் சேரும்.

இங்கே இன்னொரு சிக்கல். தம்பி இடையில் அட்டையைத் தொலைத்துவிட்டுப் புதியது எடுத்திருந்தார். பழைய அட்டை இலக்கத்துக்கு வரும் பணத்தை வங்கி வழக்கமாக அதே கணக்கில் சேர்த்துவிடும், கணக்கு மூடப்படாமல் இருந்தால். ஆனாலும் குறுஞ்செய்தி வரவில்லை. விற்பனைத் தளத்திடம் ஏ.ஆர்.என். என்ற இலக்கத்தைக் கேட்டு வாங்கினோம். அட்டைக்குத் திருப்பும் ஒவ்வொரு தொகைக்கும் உரிய தடமறியும் இலக்கம் அது. தம்பி அதை மன்னார்க் கிளையில் கொடுத்ததும் 9,800 ரூபா கணக்கில் வரவாகியிருப்பது தெரிந்தது. வாடிக்கையாளர் சேவையோடு பத்துத் தடவை பேசுவதைவிட அந்த ஓர் இலக்கம் பயன்பட்டது.

பொருளைப் பெறும்போது காசு கொடுத்திருந்தால் திரும்பிப் போக அட்டையே இல்லை. அப்போது வங்கிக் கணக்கு விபரம் கேட்பார்கள், அல்லது அதே தளத்தில் மட்டும் செலவழிக்கக்கூடிய வவுச்சரைத் தருவார்கள். காசாக வேண்டுமென்றால் கோரிக்கை போடும்போதே வங்கியைத் தெரிவு செய்யுங்கள். கணக்கு விபரம் போதும். பணம் அனுப்புவதற்கு ஓ.டி.பி. தேவையில்லை, அதைக் கேட்டு அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள்.

விற்பனையாளர் மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். கூரியர் பற்றுச்சீட்டின் பிரதியையும் அதோடு இணையுங்கள்.